தங்கக் கோடும் வெள்ளைக் கோடும்

என் அக்காள் கணவருக்குத் தன் குரல் மேல் அப்படியொரு காதல். அக்காவை அந்த அளவுக்கு அவர் கொஞ்சி நான் பார்த்ததில்லை. வாரம் ஒரு விருந்தாளியை வீட்டின் பின்னறையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு மைக் கொடுத்து, பாட்காஸ்ட் என்ற பெயரில் ஒரு மணி நேரம் தானே பேசித் தீர்ப்பார். கேட்க ஆளில்லை. வீடியோவாக்கினால் கூட்டம் அள்ளும் என்று யாரோ ஏற்றிவிட, வீடியோ எடிட்டரான என் தலையில் அதைக் கட்டினார்.

"கேமராவே வேணாம்மா. பின்னாடி ஒரு படம், முன்னாடி குரலுக்கு ஏத்த மாதிரி ஆடுற கோடு. எனக்குத் தங்கக் கலர். வர்றவங்களுக்கு வெள்ளை போதும்."

முதலில் எடுத்தது லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்த பகுதி. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் பராமரித்த லிஃப்ட் ஒரு மாடி இறங்கி விழுந்து, உள்ளே இருந்தவருக்குக் கால் முறிந்துவிட்டது. பழி இவர் மேல். வேலை இருக்குமா போகுமா என்பது திங்கட்கிழமை விசாரணையில் தெரியும். பாவம், தன் பக்கத்தைச் சொல்லத்தான் வந்திருந்தார். அத்தானோ பொறுப்புணர்ச்சி பற்றிப் பேருரை ஆற்றினார்.

படத்துக்கே மூன்று நாள் தின்றார். அத்தானின் முகம் திரையில் முக்கால்வாசி. மெக்கானிக் மூலையில் தபால்தலை அளவு. "கன்னம் உப்பித் தெரியுது" என்று நான்கு முறை திருப்பி அனுப்பினார். உப்பிய கன்னம் வேறெப்படித் தெரியுமாம்?

முடித்த ஒலியில் இரண்டு குரலும் ஒன்றாகக் கலந்திருக்கும். அதிலிருந்து ஆளுக்கொரு கோடு எடுக்க முடியாது. அதனால் கோடுகளுக்கு இரண்டு மைக்கிலும் தனித்தனியே பதிவான மூல ஒலியைக் கொடுத்தேன். காதில் விழுவது அத்தான் முடித்துக் கொடுத்த ஒலி. இரண்டும் நொடி பிசகாமல் பொருந்தின. தன் பேச்சில் ஒரு மூச்சைக்கூட வெட்ட அவருக்கு மனம் வராது.

வீடியோவைப் போட்ட மறுநாள் ஒருவர் கீழே எழுதியிருந்தார்: 'பதினாலாவது நிமிஷம் வெள்ளைக் கோடு குதிக்குது. ஆனா அவர் குரலே கேக்கல. என்ன சொல்றார்?'

அத்தானிடம் காட்டினேன்.

"அது ஒண்ணுமில்ல. என் குரல் அவர் மைக்ல விழுந்திருக்கும். எனக்குக் கனமான குரலாச்சே."

அப்படி விழுந்தால், தங்கக் கோடு ஆடும்போது வெள்ளையும் லேசாக நடுங்கும். இங்கே அத்தான் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும்போதும் வெள்ளை துள்ளியது. யார் காதில் பூ சுற்றுகிறார்? மெக்கானிக்கின் மூல ஒலியை மட்டும் போட்டுக் கேட்டேன்.

"பிரேக் தேஞ்சிருக்குன்னு லாக் புக்குல மூணு தடவ எழுதியிருக்கேங்க. லிஃப்ட்ட நிறுத்துங்கன்னு தேதி போட்டு எழுதியிருக்கேன். மேனேஜர் பாத்துக் கையெழுத்தும் போட்டிருக்கார்."

அந்த மனிதர் வந்ததே இதைச் சொல்லத்தான்.

"இத ஏன் அத்தான் அமுக்கினீங்க?"

"நான் பேசிட்டிருக்கும்போது குறுக்க பேசினார். கேக்க நல்லா இல்ல. அந்தக் கோட்டையும் படுக்க வச்சிடு. அப்புறம், விளம்பரத்துக்கு மூணு சின்னத் துண்டு வெட்டு. கோடு நல்லா துள்ளுற இடமா பாத்து எடு."

"சரி அத்தான்" என்றேன்.

நன்றாகத் துள்ளிய இடம் எதுவென்று எனக்குத் தெரியாதா? மூன்றாவது துண்டு முழுக்க அந்த நாற்பது நொடிதான். மூல ஒலி இரண்டும் என்னிடம் இருந்தன. ஆனால் இந்த முறை அமுக்கியது அத்தானின் குரலை. மெக்கானிக் சொன்னதை அடியில் பெரிய எழுத்தில் ஓடவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை மூன்றையும் அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'மூணுலயும் என் முகம் இருட்டா இருக்கு. வெளிச்சம் ஏத்து. மத்தபடி ஓகே, போடு.'

வெளிச்சம் ஏற்றினேன். போட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது அத்தான் கொதித்துக்கொண்டு வந்தார். "யாரையும் பேச விடாதவன்னு என்னைக் கேவலமா எழுதறாங்க. யாரைக் கேட்டு அதப் போட்ட?"

அவர் அனுப்பிய செய்தியையே அவர் முன் நீட்டினேன். படித்தார்.

"நான் படத்த மட்டும்தான் பாத்தேன்" என்றார். அவர் படம் என்று சொன்னது தன் மூஞ்சியை.

அந்த நேரம் பார்த்து, வீடியோவின் கீழே எடிட்டர் என்று போட்டிருந்த என் எண்ணுக்கு மெக்கானிக் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வேலை தப்பிச்சுதும்மா. லாக் புக் தொலைஞ்சு போச்சுன்னு மேனேஜர் சாதிச்சிட்டிருந்தார். அங்க குடியிருக்கறவங்க உங்க வீடியோவப் பாத்துட்டு அவர் ரூமுக்கே போய்த் தேடி எடுத்துட்டாங்க. மூணு பக்கத்துலயும் அவர் கையெழுத்து இருந்துச்சு."

அத்தான் உடனே பாய்ந்து வந்தார். "நான்தாங்க பேசறேன். நம்ம நிகழ்ச்சியாலதானே இதெல்லாம்? அடுத்த வாரமும் வாங்க, விரிவா பேசுவோம்."

"வர்றேங்க. ஆனா அந்தப் பொண்ணு உங்க மைக்க அமுக்கி வைக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். அக்கா சமையலறையிலிருந்து கை துடைத்தபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத எங்கடி அமுக்கணும்? எனக்கும் காட்டு. பன்னெண்டு வருஷமா தேடறேன்."