அப்பாவின் உயரம்

எட்டு வயது ஆர்ஷா நூற்றுப் பத்து சென்டிமீட்டர்தான் இருந்தாள். பரிசோதனைகளில் எல்லாம் சரியாக இருந்தது. தைராய்டில் குறையில்லை, வளர்ச்சி ஹார்மோன் போதுமான அளவு சுரந்தது, குரோமோசோம்களும் ஒழுங்காக இருந்தன. பொருந்தாமல் இருந்தது ஒன்றே ஒன்று. கை எலும்பின் எக்ஸ்ரே அவளுக்குப் பத்து வயதுக்கு மேல் காட்டியது. குள்ளமான பிள்ளைகளுக்கு எலும்பின் வயது பெரும்பாலும் பிந்தியிருக்கும். இவளுக்கு முந்தியிருந்தது.

காரணம் தெரியாததால் டாக்டர் விஜயலக்ஷ்மி முதலில் ஜீன் பேனல் எழுதினார். குள்ளத்தன்மையோடு தொடர்புள்ள சில நூறு மரபணுக்களை மட்டும் படித்துப் பார்க்கும் சோதனை அது. அதில் ACAN என்ற மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தது. ‘பொருள் உறுதியாகவில்லை’ என்று ஆய்வகம் எழுதியது. அடுத்து பிள்ளை, அம்மா, அப்பா மூவருக்கும் எக்ஸோம் சோதனை நடந்தது. புரதங்களுக்கான மரபணுப் பகுதி முழுவதையும் படித்தும் வேறெதுவும் கிடைக்கவில்லை. ACAN மாற்றம் அப்பாவிடமிருந்து வந்திருந்தது. ‘தந்தை இயல்பான உயரமுடையவர்; எனவே இது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு’ என்று அறிக்கை முடிந்தது.

அப்பா பிரதீஷுக்கு ஷார்ஜாவில் ஹார்டுவேர் கடையில் வேலை. விடுப்பில் வந்தபோது சொந்த ஊரான பாறசாலையிலேயே ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். மருத்துவமனையில் அவரை யாரும் பார்த்ததில்லை. மரபணு ஆலோசகர் மாளவிகா குடும்ப விவரங்களை எழுதியபோது எதிரில் உட்கார்ந்திருந்தது அம்மா ஜிஜி மட்டும்தான்.

அந்த அறிக்கை வந்து எட்டு மாதம் கழித்து முழங்கால் வலியோடு ஊருக்கு வந்த பிரதீஷ், மனைவி மகளோடு மாளவிகாவின் அறைக்குள் வந்தார். ஜிஜியின் காதளவுதான் இருந்தார்.

மாளவிகா பேனாவை மூடி வைத்தாள்.

“சார், ஒரு நிமிஷம் அந்த பலகையில நிக்கறேளா? செருப்பைக் கழட்டிட்டு.”

“எனக்கா? பிள்ளைக்கில்லியா அளவு? எனக்கு இனி வளர்ந்து என்னத்துக்கு?”

“சும்மாதான். நில்லுங்கோ.”

“நில்லு அப்பா,” என்றாள் ஆர்ஷா. “என்னை எப்பவும் நிப்பாட்டுதாங்க இல்லே.”

நர்ஸ் அளவுக்கட்டையை அவர் தலைமேல் இறக்கினாள். நூற்று ஐம்பத்திரண்டு.

மாளவிகா கணினியில் பழைய பக்கத்தைத் திறந்தாள். தந்தையின் உயரம் நூற்று அறுபத்தைந்து என்று இருந்தது. பெற்றோரை நேரில் நிறுத்தித்தான் அளக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. முடியாதபோது, சொல்லக் கேட்டது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். அவள் குறிக்கவில்லை.

நர்ஸ் ஆர்ஷாவை எடை பார்க்க வெளியே அழைத்துப் போனாள்.

“ஜிஜி, நூத்தி அறுபத்தஞ்சுன்னு நீங்கதானே சொன்னேள்?”

ஜிஜியின் முகம் சிவந்தது. “பயோடேட்டாவில அப்படித்தான் மாடம் உண்டு.”

“எந்த பயோடேட்டா?”

“கல்யாணத்துக்குக் குடுத்தது.”

பிரதீஷ் சிரித்துவிட்டார். “அது எங்க மாமா எழுதினது மாடம். எல்லாரும் ரெண்டு மூணு இஞ்ச் கூட்டுவாங்க. மாமாவுக்குத் தாராள மனசு, அஞ்சு கூட்டினாரு. கல்யாண போட்டோவுக்குப் பலகை போட்டு ஏத்தி நிறுத்தினாங்க.”

“சிரிக்காதீங்க,” என்றாள் ஜிஜி. பிறகு மாளவிகாவிடம், “எங்க வீட்டுல எல்லார்க்கிட்டயும் அதேதான் சொல்லியிருக்கு. சர்ச்சு சபையில, பிள்ளையோட ஸ்கூல்ல. யாராவது கேட்டா வாயில அதுதான் வருது. அன்னிக்கு நீங்க கேட்டப்ப வெளிய வரிசையில எங்க ஊர்க்காரி ஒருத்தி இருந்தா. கதவு திறந்து கெடந்துச்சு.”

மாளவிகா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. “அளக்காம எழுதினது நான். தப்பு என் பேர்லதான். ஆனா இதுனால என்ன ஆச்சுன்னு ரெண்டு பேரும் கேட்டுக்கணும். அந்த மாத்தம் இருந்தும் அப்பா நல்ல உயரமா இருக்கார்னு ஆய்வகம் நினைச்சுது. அதனாலதான் அதை ஒதுக்கி வெச்சுது.”

“இப்ப?”

“இப்போ கேள்வியே மாறிப்போச்சு. சார், முழங்கால் எப்போலேர்ந்து?”

“முப்பத்தொண்ணு வயசில ஆபரேஷன் ஆச்சு. குருத்தெலும்பு ஒரு துண்டு எலும்போட பேர்ந்து உள்ளே கெடக்குன்னாங்க. லோடு எடுத்து எடுத்துன்னு நெனச்சேன்.”

“கூடப் பொறந்தவா?”

“அக்கா தங்கபாய். என் பொக்கம்தான், இதே உயரம். நடுமுதுகுல டிஸ்க் போயி படுத்த படுக்கை. தம்பி ஜினு நல்ல பொக்கம், நூத்தி எழுபத்தொண்ணு.” அளவுப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். “அது அளந்தது மாடம். போலீஸ் செலக்‌ஷன்ல.”

மாளவிகா ஒரு தாளில் எலும்பின் நுனியை வரைந்து காட்டினாள். எலும்பு நீளும் இடம் குருத்தெலும்பாலான ஒரு தட்டு. ACAN மரபணு உருவாக்கும் புரதம் அந்தக் குருத்தெலும்பில் நீரைப் பிடித்து வைத்து மெத்தைபோல் காக்கிறது. அது குறைந்தால் தட்டு சீக்கிரம் முதிர்ந்து மூடிவிடும். மூட்டுகளும் முதுகுத்தட்டும் வயதுக்கு முன்பே தேயலாம். அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

“அப்போ நான் குடுத்தது,” என்றார் பிரதீஷ்.

“உங்களுக்கும் யாரோ குடுத்ததுதான். இன்னும் உறுதி ஆகலை. அக்காவும் தம்பியும் ரத்தம் குடுத்தா தெரியும்.”

பிரதீஷ் அழைத்தபோது தங்கபாய் முதலில் மறுத்தாள். போனில் அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. “எடா, எனக்கு முதுகு போனது உரல் தூக்கினதால. அதையும் இனி ரத்தத்தில போயி தேடணுமா? என் மகளுக்கு ஆள் பாக்குத நேரம்டா.” ஜிஜி போனை வாங்கினாள். “மைனி, உங்க மகளைச் சோதிக்கச் சொல்லல்லே. அவ பெரியவ, வேணும்னா அவளே முடிவு செய்யட்டு. என் பிள்ளைக்கு நேரம் போவுது. நான் ஒரு பொய் சொல்லி எட்டு மாசம் போச்சு.” இரண்டு நாள் கழித்து தங்கபாய் முதுகுப்பட்டை கட்டிக்கொண்டு, ஜினுவின் காரில் பின்சீட்டில் படுத்தபடியே வந்து ரத்தம் கொடுத்தாள்; ஜினுவும் கொடுத்தார்.

திருத்திய அறிக்கை ஐந்து வாரத்தில் வந்தது. தங்கபாயிடம் அதே மாற்றம் இருந்தது. ஜினுவிடம் இல்லை. ‘காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்று ஆய்வகம் மாற்றி எழுதியிருந்தது.

டாக்டர் விஜயலக்ஷ்மி புதிய எக்ஸ்ரேவை வெளிச்சப் பலகையில் வைத்தார். எலும்பின் வயது இப்போது பதினொன்றரை. பூப்பின் முதல் அறிகுறிகளும் தொடங்கியிருந்தன.

“வளர்ச்சி ஹார்மோன் ஊசி தினமும் போடலாம். பூப்பைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட இன்னொரு ஊசி சேர்க்கலாம். சிலருக்குச் சில சென்டிமீட்டர் கிடைச்சிருக்கு. இதைப் பத்தி நடந்த ஆய்வுகள் கம்மி. உறுதி நான் தரமாட்டேன். குதிக்கிற விளையாட்டைக் குறைக்கணும், நீச்சல் நல்லது. முழங்காலை வருஷா வருஷம் பார்ப்போம்.”

“எட்டு மாசம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா எவ்வளவு கூடுதல் கிட்டியிருக்கும் டாக்டரே?” என்று ஜிஜி கேட்டாள்.

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சப் பலகையிலிருந்து எடுத்தார். “கொஞ்சம் கூடுதலா இருந்திருக்கும். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. சொன்னா அது பொய்.”

மாளவிகா சுவரோரம் நின்றிருந்தாள். தன் பிழையை அவள் டாக்டரிடம் எழுத்தில் கொடுத்திருந்தாள். அதற்காக அவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. ஊசி போடக் கற்றுத்தரும் அறைக்கு முன்னால் ஆர்ஷா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்கு என்ன நோய்?”

“நோயில்ல மக்ளே,” என்றார் பிரதீஷ். “அப்பாக்கிட்ட இருந்த ஒண்ணு உனக்கும் கிட்டியிருக்கு.”

“அப்ப நான் எவ்வளவு வளருவேன்?”

பிரதீஷ் மனைவியைப் பார்த்தார். பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜிஜி குரலைத் தாழ்த்தவில்லை.

“தெரியாது மக்ளே. ஊசி போட்டுப் பாப்போம். உன் அத்தையைப் போல இருப்பே, இல்லேன்னா கொஞ்சம் கூடுதல். அப்பா நூத்தி அம்பத்திரெண்டு. என்னைவிட அப்பா குள்ளம்.”

நர்ஸ் ஆர்ஷாவின் பெயரைச் சொல்லி அழைத்தாள். மூவரும் உள்ளே போனார்கள்.