கொஞ்சம் அதிகமான கருப்பு

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், பிரியாணிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்கேன் சென்டரில் நான் எக்ஸ்ரே எடுக்கிறேன். மற்ற போட்டோகிராபர்கள் சிரிக்கச் சொல்வார்கள். நான் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வேன். நான் எடுத்த படத்தை இதுவரை யாரும் ஹாலில் மாட்டியதாகத் தகவல் இல்லை.

பக்கத்து அறையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் டாக்டர் மைதிலி. என்மேல் அவருக்கு ஒரே ஒரு குறைதான். ஆனால் தினமும் உண்டு. ஆட்களை நான் கோணலாக நிற்கவைத்துவிடுகிறேனாம். கொஞ்சம் திரும்பி நின்றாலும் ஒரு பக்கத்து நுரையீரல் மற்றதைவிடக் கருப்பாக விழும். “ஹேமநாதன், இது செஸ்ட் எக்ஸ்ரேவா, கல்யாண ஆல்பத்துல பொண்ணு திரும்பிப் பாக்குற போஸா?” என்பார். எனக்கும் சிரிப்பு வரும். அவர் போன பிறகுதான் வரும்.

அன்று காலை வந்த லோகேஷ் கொடிக்கம்பம் மாதிரி இருந்தான். உயரம் மட்டும்தான், அகலம் கிடையாது. இருபத்து மூன்று வயது. இடப்பக்க நெஞ்சில் வலி, மூச்சு இழுத்தால் குத்துகிறது. கிளினிக் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு அவனைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அப்பா எத்திராஜ். பாரிவாக்கத்துக்காரர். அவருடைய நிலம் இருந்த இடத்தில் இப்போது பிளாட்டுகள் நிற்கின்றன. அந்தப் பிளாட்டுகளுக்கே டெம்போவில் தண்ணீர் கேன் போடுகிறார்; எங்கள் சென்டருக்கும் அவர் கேன்தான்.

“சீக்கிரம் எட்துட்டு அனுப்புப்பா,” என்றார் என்னிடம். “நைட்டு பிளைட்டு. மஸ்கட்டு. குடோன்ல வேலை. பொட்டி கட்டி ஊட்ல ரெடியா கீது. இவன் இன்னாடான்னா கேஸ் டிரபுளு, சரியாப்பூடும்ன்றான். இவங்கம்மாதான் எதுக்கும் பாத்துடுன்னு ஒரே ரோதனை.”

அவரை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். லோகேஷ் சட்டையைக் கழற்றினான். கழுத்தில் கருப்புக் கயிறு, அதில் வெள்ளித் தாயத்து.

“அதையும் கழட்டு. எக்ஸ்ரே கதிர் அது வழியா போகாது. படத்துல பளிச்சுனு வெள்ளையா விழுந்து, டாக்டர் உனக்குள்ள தோட்டா இருக்குன்னு எழுதிடுவாங்க.”

கழற்றினான். பிறகு கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

“அண்ணாத்தே, ஒரு மேட்டரு. தம்மு அடிச்சா படத்துல கருப்பா தெரியுமா?”

“ஏன், யாரு அடிக்கிறது?”

“பிரெண்டு ஒர்த்தன்.”

“உன் பிரெண்டோட எக்ஸ்ரேவையா இப்ப எடுக்கப்போறேன்?”

“நைனா பாத்தார்னா தோலை உரிச்சிடுவாரு. பிளைட்டு ஏறுற அன்னிக்கு வாணாம்ண்ணா.”

எனக்கு மனசு இளகுவதில் வஞ்சனையே கிடையாது. இதனாலேயே சீட்டு கம்பெனியில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். “பயப்படாத,” என்றேன். “புகை படத்துல தெரியாது. நுரையீரல் எல்லாருக்குமே கருப்பாத்தான் விழும். உள்ள காத்துதான, கதிர் தடையில்லாம பூந்து பின்னாடி இருக்கிற பிளேட்டுல போய் விழுது. நிறைய விழுந்த இடம் கருப்பு. எலும்பு நெருக்கமான சரக்கு, கதிரைப் பிடிச்சு வெச்சுக்கும்; அந்த இடம் வெள்ளை. இதயம், ரத்தம், சதையெல்லாம் பாதி விடும் பாதி விடாது, சாம்பல். கருப்புன்னா காத்து. காத்துன்னா நல்லது. சரியா?”

“சூப்பர்ண்ணா,” என்றான். முகம் தெளிந்துவிட்டது. ஊருக்கே விளங்கவைத்த திருப்தி எனக்கு.

பிளேட்டில் நெஞ்சை ஒட்டி நிற்கவைத்து, கையை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளினேன். அன்றைக்கு மைதிலி டாக்டருக்காகவே ரொம்ப நேராக நிற்கவைத்தேன். மூச்சை இழுக்கச் சொன்னேன். பாதி இழுத்ததும் முகம் சுருங்கியது. பிடித்தான். எடுத்தேன்.

சில நொடிகளில் திரையில் படம் வந்தது. முதலில் எனக்கு எரிச்சல்தான். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் கருப்பு. மறுபடியும் கோணல், மறுபடியும் கல்யாண ஆல்பம்.

ஒரு காரியம் செய்தேன். திரையில் வெளிச்சத்தைக் கூட்டினால் மொத்தப் படமும் வெளுக்கும், அந்தக் கருப்பும் கொஞ்சம் அடங்கும். கூட்டினேன். வலப்பக்கத்தில் ரத்தக்குழாய்கள் முருங்கைக் கிளை மாதிரி நடுவிலிருந்து ஓரம்வரை பிரிந்து போவது இன்னும் நன்றாகத் தெரிந்தது. இடப்பக்கத்தில், உள்ளே கொஞ்ச தூரம் கிளை இருந்தது. அதற்கு வெளியே ஒன்றுமே இல்லை. எவ்வளவு கூட்டினாலும் வெறும் கரும்பலகை.

அதற்குள் எத்திராஜ் உள்ளே வந்துவிட்டார். வெளியே இருங்கள் என்று எழுதிய பலகைக்கு எங்கள் சென்டரில் இருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

“இன்னாபா இது, கரி மாரி கீது?” என்றார். “டேய், தம்மு அடிக்கிறியா நீ?”

“ஐயோ நைனா, கருப்புன்னா காத்து. அண்ணனே சொன்னாரு, நல்லதாம்.” லோகேஷ் என்னைச் சாட்சிக்கு இழுத்தான். “சொல்லுண்ணா.”

நான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

மைதிலி வந்து, நின்றபடியே பார்த்தார். “மறுபடியும் கோணலா நிக்கவெச்சுட்டீங்களா?”

“இல்ல மேடம்னுதான் நினைக்கிறேன்.”

அவர் கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் காறை எலும்புகளின் உள்முனைகளைப் பார்த்தார். நடு முதுகெலும்பிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தன. ஆள் நேராகத்தான் நின்றிருக்கிறான். நான் உருப்படியாக எடுத்த படம், சந்தோஷப்பட முடியவில்லை. கோணல் இல்லை என்றால் அந்தக் கருப்பு அவனுடையது.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். இடப்பக்கத்தில், விலா எலும்புகளிலிருந்து உள்ளே தள்ளி, அவற்றுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. தலைமுடி அளவுதான். “இதோ நுரையீரலோட ஓரம்,” என்றார். பிறகு மூச்சுக்குழலைப் பார்த்தார். “நடுவுலதான் இருக்கு. இதயமும் தள்ளிப்போகல. நல்லவேளை.” லோகேஷ் பக்கம் திரும்பினார். “நீ முதல்ல உக்காரு. சிகரெட் பிடிப்பியா?”

லோகேஷ் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

“கேக்கறாங்கல்ல,” என்றார் எத்திராஜ்.

“அப்பப்ப மேடம்.”

“அப்பப்பன்னா?”

“டெய்லி.”

எத்திராஜ் வாயைத் திறந்தார். டாக்டர் கையைக் காட்டினார். “திட்டறது அப்புறம். நுரையீரல்ல எங்கயோ சின்னதா ஓட்டை விழுந்து காத்து வெளிய வந்திருக்கு. நுரையீரல் சுருங்கி நிக்குது. ஒல்லியா, உயரமா இருக்கிற பசங்களுக்கு இது தானாவே வரும். சிகரெட் இன்னும் கூட்டிவிடும். உடனே ஆஸ்பத்திரி போகணும். நடக்க வேணாம், டெம்போவும் வேணாம். நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்.” நூற்றியெட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வெளியே போனார்.

“மேடம், நைட்டு பிளைட்டு,” என்றான் லோகேஷ் அவர் முதுகிடம். “போயிட்டு அங்க பாத்துக்கறேனே.”

பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. தகுதியானவன்தான், கருப்பு நல்லது என்று சர்டிபிகேட் கொடுத்தவன் நான்தானே.

“நீதான சொன்ன காத்துன்னா நல்லதுன்னு?” அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. “இப்ப இன்னா, காத்தே கெட்டதா?”

“காத்து நல்லதுதான்டா. இருக்கிற இடம்தான் தப்பு. இங்க வா, உக்காந்தே வா.” நாற்காலியோடு திரைப்பக்கம் இழுத்தேன். படத்தில் அவனுடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாக இருக்கும். முதலில் அதைச் சொன்னேன். “நல்ல பக்கத்துல கிளை கிளையா கோடு போகுதா? அது ரத்தம் ஓடுற குழாய். காத்தைவிட அடர்த்தி, அதான் வெளுப்பா தெரியுது. அதுல விரல வெச்சு ஓரம் வரைக்கும் போ.”

போனான். விலா எலும்பு வரைக்கும் போனான்.

“இப்ப இந்தப் பக்கம்.”

விரல் நடுவிலிருந்து கிளம்பியது. கொஞ்ச தூரம் போய், அந்த மெல்லிய வெள்ளைக் கோட்டில் நின்றது. கோட்டுக்கு அப்பால் கிளையைத் தேடினான். மேலே போனான், கீழே வந்தான். திரை முழுக்கக் கைரேகை.

“இல்லையே,” என்றான்.

“நுரையீரலுக்குள்ள இருக்கிற காத்துன்னா கூடவே குழாய் இருக்கும். இங்க நுரையீரலே இல்ல, வெறும் காத்து. அதான் மத்த கருப்பைவிடக் கொஞ்சம் அதிகமான கருப்பு. உன் நுரையீரலோட எல்லை இந்தக் கோடு. மேல போனா விமானத்துக்குள்ள காத்தழுத்தம் குறையும். மலை ஏறுற பஸ்ல சிப்ஸ் பாக்கெட் உப்பும் பாத்திருக்கியா? அது மாதிரி இது உப்பும். கோடு இன்னும் உள்ள வரும். இதயத்தைத் தள்ளும். கடல் மேல எறங்க ஸ்டாப்பிங் கிடையாது.”

விரலால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழே ஒருமுறை தடவினான். பிறகு, “ஒரு வர்ஷமா அலைஞ்ச வேலைண்ணா,” என்றான்.

எத்திராஜ், மகன் விரல் வைத்திருந்த இடத்தைக் கிட்டே வந்து பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, கழுத்தை முன்னும் பின்னும் நீட்டினார்.

“பொட்டி கட்னது கட்னாப்லயே இருக்கட்டும்,” என்றார். “நீ போயி அத்த அடைச்சுகினு வா. தம்ம மட்டும் இனிமே தொட்ட, காத்து இல்ல, நானே உன்ன ஊதிருவேன்.”

வண்டி வரும்வரை அவனைச் சாய்ந்து உட்காரவைத்து, டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். எத்திராஜ் வாசலில் நின்று, மஸ்கட் வேலையை ஏற்பாடு செய்த ஏஜென்டுக்குப் போன் போட்டார். ஏஜென்ட் பாபு நம்பவில்லை. மெடிக்கலில் பாஸான பையன், பயந்து பின்வாங்குகிறான் என்று கத்தியது எனக்கே கேட்டது. மெடிக்கலுக்காகப் படம் எடுத்தது போன மாதம். ஓட்டை விழுந்தது இன்று. இதை எத்திராஜ் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் போனை என்னிடம் நீட்டினார். “படத்த புடிச்சு இவனுக்கு அனுப்புப்பா.”

டாக்டரைக் கேட்டுவிட்டு, திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே பாபுவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“இன்னா அண்ணாத்தே வெளாட்றீங்களா? ரெண்டு பக்கமும் நல்லா கருப்பா கிளீனா கீது. லெப்ட்டு ரைட்டவிட சூப்பரா கீது. வெள்ள கிள்ள இருந்தாதான் அன்பிட்டு. பையன கூட்டிகினு வாங்க.”

என் மாணவன் ஒருவன் ஊரில் எனக்குத் தெரியாமலே உலவிக்கொண்டிருக்கிறான்.

அந்தப் போட்டோவின் மேல் சிவப்பில் வரைந்தேன். அந்தக் கோடு நெடுக, காறை எலும்புக்குக் கீழேயிருந்து கடைசி விலா பக்கம் வரை. விரலால் வரைந்ததால் அதுவும் கோணல்தான். கோட்டுக்கு வெளியே, ‘இங்கே நுரையீரல் இல்லை’ என்று எழுதினேன். டாக்டர் பார்த்துவிட்டு, அடியில் தன் பெயரையும் ‘சரியாகி, திரும்பப் படம் எடுத்துப் பார்க்கும்வரை விமானப் பயணம் கூடாது’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். அனுப்பினேன்.

நூற்றியெட்டு வந்தது. லோகேஷைச் சாய்ந்த வாக்கில் ஏற்றினார்கள். எத்திராஜ் கூடவே ஏறி உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தும்போது எட்டிப் பார்த்தேன். இரண்டு டிக்கும் நீலம்; பாபு பார்த்தாயிற்று. மேலே ‘டைப்பிங்’ என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

வண்டி கரையான்சாவடி பக்கம் திரும்பும்போது எத்திராஜ் பின் கண்ணாடி வழியாகப் போனைத் தூக்கிக் காட்டினார். அந்தத் தூரத்தில் எனக்கு எழுத்து தெரியவில்லை. அவர் கட்டைவிரலை உயர்த்தினார். அது தேதி மாற்றியதற்கா, ஏஜென்டைத் திட்டியதற்கா என்பது மறுநாள் அவர் கேன் போட வந்தபோதுதான் தெரிந்தது.

“அடுத்த மாசத்துக்கு மாத்திட்டான்பா,” என்றார் கேனை இறக்கிக்கொண்டே. “நெஞ்சுல டியூப் வெச்சுகீறாங்க. தண்ணி டப்பால புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வருது. பாக்கவே பேஜாரா கீது.” பிறகு, “சரி, இன்னிக்கு படம் எட்தாங்களாமே, அதுல அந்தக் கோடு ஓரத்துக்குப் போய்ச்சாம். அப்டின்னா நல்லதுதானே?” என்றார்.

இந்த முறை வாயை உடனே திறக்கவில்லை. உள்ளே போய் மைதிலி டாக்டரைக் கேட்டுவிட்டு வந்துதான் ஆமாம் என்றேன்.