ஒன்பது வரியில் ஒரே கையெழுத்து

நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு மருந்துக்கடைக்காரியுடையது. பெரிய தாளில் கட்டம் போட்டு நூலகக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். எட்டு முதல் பத்து வரை வண்டி நிறுத்த மூன்று பேர், பதிவு மேசைக்கு மூன்று, வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆறு. பத்து முதல் பன்னிரண்டு வரை அதே கணக்கு. அதன்பின் கூட்டிப் பெருக்க நான்கு. மொத்தம் இருபத்தெட்டு வரி. வரிக்கு ஒரு பேர், ஒரு போன் நம்பர்.

வியாழக்கிழமை காலையில் தாளைக் கழற்றிக்கொண்டு நேரே தையல்காரி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, எல்லா வரியும் ரொம்பிடுச்சேன்னு சந்தோஷமா ஒவ்வொருத்தருக்கா போன் போட ஆரம்பிச்சேன். பாத்தா ஒன்பது இடத்துல டிரைவர் அண்ணன் பேரு. எட்டு மணிக்கு வாசல்லயும் அவரே, பதிவு மேசையிலயும் அவரே. வாசல்லயே ரெண்டு தடவை. விளையாடுறாரா?"

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். "வேற யாராவது கிண்டலுக்கு எழுதியிருப்பாங்க."

சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். காலை நடைக்குப் போனால் நூலகத்தில் பேப்பர் படிக்காமல் திரும்ப மாட்டார். தினமும் அந்தத் தாளைப் பார்த்திருப்பார். தினமும் புதிதாகப் பார்த்திருப்பார். குடித்த டீயை மறுபடி கேட்டபோதும், மகளுக்கு ஒரே விஷயத்தை இரண்டு முறை போன் செய்தபோதும், 'வயசாச்சில்ல' என்று அவள் பூசி மெழுகிக்கொண்டிருந்தாள்.

தாளை வாங்கிப் பார்த்தாள். முதல் நான்கு வரியில் நம்பர் சரி. அதற்குப் பிறகு எழுதியதில் எல்லாம் பழைய வாடகை வீட்டு நம்பர். அந்த இணைப்பை எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அது வேறு யாருக்கும் தெரியாது.

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரி அடங்கிப்போனாள். பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்வளவு நாளா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த டிரைவர் வெளியே வந்தார். ஒளிக்க நேரமில்லை. மேசைமேல் கிடந்த தாளைக் குனிந்து பார்த்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார்.

"என் எழுத்துதான்," என்றார். "எப்ப எழுதினேன்?"

தையல்காரி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் எழுதுனதால வேற ஆளு எழுத முடியாம போச்சா?"

"இடமில்லன்னு சில பேரு திரும்பிப் போயிட்டாங்க அண்ணே. பரவால்ல, கூப்பிட்டா வந்துடுவாங்க."

"பரவால்லன்னு சொல்லாத." துணி அளக்கும் ஸ்கேலை எடுத்தார். கீழிருந்து மேலாக வரி வரியாக, கோணாமல், தன் பேரைத் தானே அடித்தார். எட்டு இடத்தில் அவர் பேர் போனது. கடைசி ஒன்றின்மேல் ஸ்கேலை வைத்தவர் நிறுத்தினார். "எட்டு மணிக்கு வாசல்ல வண்டி நிறுத்துறது. இதை மட்டும் விடும்மா. அது கைக்குத் தெரியும்."

அதே கட்டத்தில் அவர் அடித்த வரிக்கு மேலே தையல்காரி தன் பேரை எழுதினாள். மீதி ஏழு வரி காலி. இரண்டு நாளில் மருந்துக்கடைக்காரி ஆறு பேரைப் பிடித்தாள். ஏழாவதாகத் தன் பேரையே போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். பின்னால் வா, இன்னும் வா, ஒடி, போதும் என்று அவர் கை சொல்ல, கத்துக்குட்டிகள்கூடச் சுவரில் உரசாமல் வண்டியை நிறுத்தினார்கள். சரியாக நின்ற வண்டியை இரண்டு தட்டுத் தட்டினார். தையல்காரிக்கு ஒரு மணி நேரம் நெஞ்சு லேசாக இருந்தது.

ஒன்பதரைக்குக் கூட்டம் குறைந்ததும் அவர் மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்தார். யாருக்கும் கேட்காத குரலில், "ஏம்மா, நாம எதுக்கு இங்க நிக்கிறோம்?" என்றார்.

"கண்ணு பாக்குற முகாமுங்க. வண்டி நிறுத்த வந்திருக்கோம்."

"ஆமாமா." தலையாட்டினார். அவளை நம்பித்தான் தலையாட்டினார். ஞாபகம் வந்து அல்ல. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

பத்து மணிக்கு அடுத்த மூவர் வந்தார்கள். எங்கே எத்தனை வண்டிக்கு இடம் இருக்கிறது என்று அவர்களிடம் ஒழுங்காகச் சொல்லி ஒப்படைத்தார்.

செவ்வாய்க்கிழமை நரம்பு டாக்டர் பரிசோதித்துவிட்டு, மருந்து இந்த மறதி நோயைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், நிறுத்தாது என்றார். டிரைவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். வெளியே படி இறங்கும்போது, "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா நிஜமாயிடுமேன்னு பயந்தேங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை அவள் கையை விடாமல் நடந்தார். எந்த பஸ் ஏற வேண்டும் என்று அவளிடம் கேட்டார்.