கோரிக்கை என்ற கட்டம்

ஆய்வேட்டின் மூன்றாம் இயல் வெள்ளிக்கிழமை வழிகாட்டி மேடம் கைக்குப் போக வேண்டும். புதன்கிழமை காலை அவன் ஆய்வு மாணவர் அறையில் கணினி முன் உட்கார்ந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்கள் பையன் இயலை முடித்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். அவன் எழுதியது இயலை ஏன் முடிக்க முடியவில்லை என்று மேடத்துக்கு ஒரு மெயில்.

மெயில் அருமையாக வந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாக இயலுக்கு வராத நடை இதற்குத் தானாக வந்தது. இரண்டு நாள் வந்த காய்ச்சல் 'தொடர்ந்த உடல்நலக் குறைவு' ஆனது. அக்கா வீடு மாறியபோது இவன் தூக்கிய நாலு பெட்டிகள் 'தவிர்க்க இயலாத குடும்பப் பொறுப்புகள்' ஆயின. சார்ஜர் ஆடுவதால் நின்று நின்று ஓடும் மடிக்கணினிக்குத் தனிப் பத்தி கிடைத்தது. ஒவ்வொரு பத்தியையும் முடித்துவிட்டு, தானே ஒருமுறை படித்துப் பார்த்துத் தன் மேல் தானே இரக்கப்பட்டுக்கொண்டான். இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறோம் என்று அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

உண்மைக் காரணம் மட்டும் மெயிலில் இல்லை. அது மேசையின் ஓரத்தில் ஒரு கோப்பில் இருந்தது.

அவன் ஆராய்ச்சியே மக்கள் அலுவலகங்களுக்கு எழுதும் மனுக்களைப் பற்றித்தான். ஒரு குடிநீர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பெயர், முகவரி எல்லாம் நீக்கி, பழைய மனுக்கள் இருநூற்றை நகலெடுத்து வந்திருந்தான். ஒவ்வொன்றையும் பிரித்து அட்டவணையில் நிரப்ப வேண்டும். காரணம் என்ற கட்டம், கோரிக்கை என்ற கட்டம், நன்றி என்ற கட்டம். போன சந்திப்பில் மேடத்திடம், "எல்லா மனுவுலயும் கோரிக்கை இருக்கு மேடம், அது எங்க வருதுங்கறதுதான் என் இயல்" என்று அடித்துச் சொல்லியிருந்தான். வீட்டுக்குப் போய் மீதியைப் பிரித்தபோதுதான் வினை வந்தது. நாற்பது மனுக்களில் கோரிக்கையே இல்லை. பக்கம் பக்கமாகக் கஷ்டம் இருந்தது, கடைசியில் கையெழுத்து இருந்தது, கேட்டது ஒன்றும் இல்லை. இந்த நாற்பதையும் அரைகுறை என்று ஒரு கோப்பில் போட்டு, மேலே 'மிச்சம்' என்று எழுதி ஓரங்கட்டினான். ஐந்தில் ஒரு பங்கை ஓரங்கட்டிவிட்டு எந்த முகத்தோடு இயல் எழுதுவது? மேடத்திடம் சொல்லவும் பயம். இயல் அங்கேயே படுத்துவிட்டது.

படுத்த இயலோடு வருடமும் படுத்துவிடும் நிலை. இந்த வெள்ளியிலிருந்து இரண்டு வாரத்தில் ஆய்வு முன்னேற்றக் குழு கூடுகிறது. ஒரு வாரம் முன்னதாக இயல் குழுவின் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'முன்னேற்றம் திருப்தி இல்லை' என்று எழுதுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை அப்படி எழுதியிருந்தார்கள். இரண்டாவது முறை எழுதினால் பதிவை ரத்து செய்துவிட்டு, பெட்டியைக் கட்டு என்பார்கள்.

பக்கத்து மேசையில் 'ஆறாம் வருஷம்' இருந்தார். அவருக்கு வேறு பெயர் இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவரிடம் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"எப்படிண்ணே இருக்கு?"

அவர் நிதானமாகப் படித்தார். "படிச்சதும் மனசு கனத்துப்போச்சுடா. அந்த சார்ஜர் பத்தி இருக்கே, அபாரம். அனுப்பு."

அனுப்பினான். பாரம் இறங்கியது. கேன்டீனுக்குப் போய் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது.

'படித்தேன். வருத்தமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இயலோடு சந்திப்போம்.'

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. "மனுஷியாண்ணே இவங்க? இவ்வளவு சொல்லியும் வெள்ளிக்கிழமையே வேணுமாம்! கல்லு மனசு."

ஆறாம் வருஷம் மறுபடி மெயிலைப் படித்தார். இந்த முறை மனசு கனத்த மாதிரி தெரியவில்லை.

"டேய், நீ டைம் கேட்டியா?"

"என்னண்ணே, அதுக்குத்தானே மெயிலே!"

"எங்க கேட்டிருக்க? காட்டு."

அவன் தேடினான். மேலிருந்து கீழே தேடினான், கீழிருந்து மேலே தேடினான். காய்ச்சல் இருந்தது, அக்கா இருந்தாள், சார்ஜர் இருந்தது, 'தங்கள் மேலான புரிதலுக்கு நன்றி' இருந்தது. இயல் முடியவில்லை என்றோ, அவகாசம் வேண்டும் என்றோ ஒரு வரி இல்லை. எத்தனை நாள் என்று இல்லை. மனுக்களில் கோரிக்கை எங்கே வருகிறது என்று மூன்று வருடமாக ஆராய்கிறவன், தன் மனுவில் அதை வைக்க மறந்திருந்தான்.

ஆறாம் வருஷம் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அப்போதுதான் அந்தக் கோப்பு கண்ணில் பட்டது.

அவனைப் பொறுத்தவரை அவன் கேட்டுவிட்டான். ஒவ்வொரு பத்தியிலும் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். அப்படியானால் அந்த நாற்பது பேர்?

கோப்பைப் பிரித்து மேலே இருந்ததை எடுத்தான். ஒரு அம்மா எழுதியது. இரண்டு பக்கம். தெருவில் எல்லார் வீட்டுக் குழாயிலும் வருகிறது, எங்கள் வீட்டில் மட்டும் வெயில் தொடங்கியதிலிருந்து இல்லை. மாடியில் இருப்பதால் குடத்தைத் தூக்கி ஏற வேண்டியிருக்கிறது. எனக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மகனுக்கு ராத்திரி வேலை, அவனைக் காலையில் எழுப்ப மனசு வரவில்லை. இப்படிக்கு. ஓரத்தில் அலுவலகத்தில் யாரோ சிவப்பு மையில் குறித்திருந்தார்கள்: 'கோரிக்கை இல்லை. கோப்பில் வைக்கவும்.'

அதை முன்பும் பார்த்திருந்தான். சரியாகத்தான் குறித்திருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. இப்போது வெட்கமாக இருந்தது. அலுவலகம் அந்த அம்மாவை ஒருமுறை ஓரங்கட்டியது. இவன் பட்டம் வாங்குவதற்காக இன்னொருமுறை ஓரங்கட்டியிருந்தான்.

கோப்போடு நேராக மேடம் அறைக்குப் போனான். அவர் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் இருந்தார்.

"வாங்க. காய்ச்சல் எப்படி இருக்கு?"

"அது... போன மாசமே சரியாயிடுச்சு மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவுலயும் இயல முடிச்சிட்டீங்களேன்னு உங்க மெயிலப் படிச்சிட்டுப் பெருமையா நெனச்சேன்."

பூமி பிளக்காதா என்றிருந்தது அவனுக்கு. கோப்பை நீட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நாற்பது, மிச்சம், பயம், ஒன்றையும் விடவில்லை. மேடம் அந்த அம்மாவின் கடிதத்தைப் படித்தார். சிவப்பு மையையும் படித்தார்.

"இவங்களுக்குத் தண்ணி வந்துச்சா?"

"தெரியல மேடம்."

"சரி. உங்களுக்கு என்ன வேணும்?"

"மேடம், அது என்னன்னா, இந்த நாப்பதையும் சேத்தா அட்டவணைய மொத்தமா மாத்தணும், அதுக்கு..."

"காரணம் கேக்கல."

மூன்று வருடத்தில் இவ்வளவு கஷ்டமான வாக்கியத்தை அவன் அமைத்ததில்லை.

"அடுத்த புதன்கிழமை வரைக்கும் டைம் வேணும் மேடம்."

"குழுவோட தேதிய நான் மாத்த முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை அவங்களுக்குப் போயாகணும். படிக்கறதுக்கு நான் வச்சிருந்த நாளத்தான் தரேன். எனக்கு ரெண்டே நாள்தான் மிஞ்சும், பரவால்ல. ஆனா முடிச்ச வரைக்கும் இந்த வெள்ளிக்கிழமையே அனுப்பிடுங்க. அப்புறம், இத மெயில்லயும் போடுங்க. இந்தத் தடவ கேளுங்க."

அறைக்குத் திரும்பி மெயில் எழுதினான். இரண்டு வரி. ஆறாம் வருஷம் படித்துவிட்டு, உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது, சார்ஜர் பத்தியையாவது சேர் என்றார். சேர்க்காமல் அனுப்பினான்.

பிறகு கோப்பின் மேல் இருந்த 'மிச்சம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அட்டவணையைத் திறந்தான். அந்த அம்மாவின் வரிசையில் கோரிக்கை என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் 'தண்ணீர்' என்று நிரப்பினான்.