அசோசியேட் டைரக்டர் என்ன வேலை பார்க்கிறார்?

எங்கள் அலுவலகத்தில் ஐந்து டைரக்டர்கள். டைரக்டர் ஒருவர், டெபுடி ஒருவர், ஜாயிண்ட் ஒருவர், அசோசியேட் இருவர். ஒழுகும் கூரைக்கும் உடைந்த குழாய்க்கும் வாடகைக்கு இருப்பவர்களிடம் புகார் வாங்கி, வீட்டுக்காரர்களிடம் பேசித் தீர்த்துவைக்கும் உதவி அலுவலகம் அது. இதற்கு எதற்கு இத்தனை டைரக்டர்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மொழிபெயர்ப்பாளர். இருக்கிறவர்களைத் தமிழாக்குவதோடு என் வேலை முடிந்தது.

காத்திருக்கும் அறையில் மாட்ட, யார் எந்தப் பதவியில் என்று கட்டம் கட்டிக் காட்டும் நிர்வாக அட்டவணையைத் தமிழில் கேட்டார்கள். டெபுடி, துணை இயக்குநர் ஆனார். ஜாயிண்ட், இணை இயக்குநர். அசோசியேட்டுக்கும் பல இடங்களில் இணை என்றே எழுதுகிறார்கள். எழுதினால் மூன்று கட்டங்களில் ஒரே பெயர். உதவி என்று போட்டால் பதவி இறங்கிவிடும், ஆள் சும்மா இருப்பாரா? நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ‘சக இயக்குநர்’ என்று போட்டேன். போட்டுவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மனிதவள மேலாளர் அதைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் வம்பு என்று அர்த்தம்.

“இது யாருக்குப் புரியும்? பேசாம எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே விட்டுடலாம்” என்றார்.

“அப்போ எதுக்கு சார் தமிழ்ப் பலகை?”

“அதையேதான் மேல இருக்கவங்களும் கேட்பாங்க. உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. பலகையே இங்கிலீஷ்ல இருந்தா, தமிழுக்குன்னு ஒரு ஆள் எதுக்குன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

மிரட்டலாகச் சொல்லவில்லை, பாவம், உள்ளதைத்தான் சொன்னார். ஆனாலும் இது என் ஏழு வருட வேலை. பெரியவளுக்கு இந்த வருடம்தான் கல்லூரி. இனி இந்த ‘சக’ என்ற இரண்டு எழுத்தை உயிரே போனாலும் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் மருந்துக்கடைக்காரர். வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீயும் அவரும் சண்டை போட்டு என்ன புண்ணியம்? வர்றவங்க கிட்ட காட்டிப் பாரேன். கடையில எந்த மருந்து எந்தத் தட்டுல இருந்தா கைக்கு வருதுன்னு நான் வச்சுப் பார்த்துத்தானே முடிவு பண்றேன்.”

“உங்க கடையும் இதுவும் ஒண்ணா?” என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் காலை அதையே என் யோசனை என்று சொல்லி மேலாளரிடம் அனுமதி வாங்கினேன். குடும்பம் என்றால் அப்படித்தான்.

இரண்டு தாள்கள் அச்சிட்டோம். ஒன்றில் என் தமிழ்ப் பெயர்கள். இன்னொன்றில் இங்கிலீஷ் பதவிகள், தமிழ் எழுத்தில். அரைநாள் அது, அரைநாள் இது என்று சுவரில் ஒட்டினோம். வருகிறவர்களிடம், “பலகையைப் பார்த்து, யாரைப் பார்க்கணுமோ வரவேற்புல கேளுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் குடிநீர் இயந்திரத்தின் பக்கத்தில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன்.

முதலில் என் பலகை. பத்து மணிக்கு ஒரு தையல்காரம்மா வந்தார். கையில் எங்கள் அலுவலகத்துக் கடிதம். அதில் கையெழுத்திட்டவர் பெயரைப் பலகையில் வரி வரியாகத் தேடி, அவருடைய பதவியைப் படித்தார். என் நெஞ்சு நிமிர்ந்தது. நேராக வரவேற்புப் பெண்ணிடம் போனார்.

“சக இயக்குநரைப் பார்க்கணும்மா.”

வரவேற்புப் பெண் தன் பட்டியலை மேலும் கீழும் தேடினாள். அவளுடைய பட்டியல் இங்கிலீஷில். அறைக்கதவுகளில் இங்கிலீஷ். கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்துக்குக் கீழேயும் ‘அசோசியேட் டைரக்டர்’ என்பது இங்கிலீஷில்தான். என் ‘சக’ அந்தச் சுவரை விட்டால் அந்தக் கட்டடத்தில் வேறெங்கும் இல்லை.

“அப்படி யாரும் இங்க இல்லையேம்மா.”

“ஐயோ, மன்னிச்சிடுங்க. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்போல” என்று அந்த அம்மா கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

அவர் ஓர் எழுத்துகூடத் தப்பாகப் படிக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்துபோய், அவரைச் சரியான கதவுக்கு நானே கூட்டிப்போனேன். அன்று மதியத்துக்குள் இன்னும் நான்கு பேர் இதே மாதிரி திரும்பினார்கள்.

மதியத்துக்கு மேல் இங்கிலீஷ் பலகை. இப்போது வந்தவர்கள் படித்ததை அப்படியே சொன்னார்கள், வரவேற்புப் பெண்ணும் உடனே புரிந்துகொண்டாள். ஆனால் அசோசியேட் இருவர் ஆயிற்றே. கூரை ஒழுகுகிறவர் வாடகைத் தகராறு பார்ப்பவரிடமும், வாடகைத் தகராறுக்காரர் கூரை பார்ப்பவரிடமும் போய்த் திரும்பினார்கள். ஒரு லாரி ஓட்டுநர் கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, இவங்க எல்லாம் பெரிய ஆளுங்கன்னு தெரியுது. குழாய் உடைஞ்சா யாரு பாப்பாங்க, அதைச் சொல்லுங்க.”

நோட்டில் அதை எழுதி அடிக்கோடிட்டேன்.

மேலாளருக்குத் தர வேண்டிய அறிக்கையை எப்படி எழுதுவது? காலையில் நடந்ததை அமுக்கி, மதியம் நடந்ததை ஊதிப் பெரிதாக்கினால் என் ‘சக’ பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். கை அந்தப் பக்கம்தான் போயிற்று. ஆனால் தையல்காரம்மா மன்னிப்புக் கேட்ட குரல் காதைவிட்டுப் போகவில்லை. உள்ளபடியே எழுதினேன். கதவிலும் கடிதத்திலும் இருக்கும் பதவிப்பெயரே பலகையிலும் இருக்கட்டும், தமிழ் எழுத்தில். அதன் கீழே, அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரே ஒரு வரி, நல்ல தமிழில்.

மேலாளர் படித்தார். “அப்போ நான் சொன்னதுதான் சரி” என்று சிரித்தார்.

“பாதி சரி” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“சரி, அந்த ஒரு வரியை எல்லார்கிட்டயும் கேட்டு எழுதிடுங்க. மாசக் கடைசிக்குள்ள முடிஞ்சிடும்ல?”

கூரை பார்க்கும் அசோசியேட்டிடமிருந்து ஆரம்பித்தேன். நல்ல மனிதர். “சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்றேன்.

“ஒருங்கிணைப்பு.”

“எதை எதோட சார்?”

நாற்காலியில் சாய்ந்தார். நிமிர்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். “பதினொரு வருஷமா இங்க இருக்கேன், இதை யாரும் கேட்டதில்ல” என்றார். முக்கால் மணி நேரம் பேசினோம். கடைசியில், ‘கூரை, குழாய், மின்சாரப் பழுதுகளை வீட்டுக்காரர் சரிசெய்யும்வரை விடாமல் கேட்பவர்’ என்று வந்தது. அவரே அதை இரண்டு முறை படித்தார். “இதை என் வீட்டம்மாவுக்கு அனுப்பட்டுமா? நான் இங்க என்னதான் பண்றேன்னு அவ கேட்டுக்கிட்டே இருக்கா.”

டெபுடிக்கு இரண்டு நாள் பிடித்தது. ஜாயிண்ட், யோசித்துச் சொல்கிறேன் என்று விடுப்பில் போய்விட்டார். மாதத்துக்கு நான்கு நாள் பாக்கி இருக்கும்போது பலகையின் பத்தொன்பது கட்டங்களில் ஐந்துதான் முடிந்திருந்தன. ஆறாவது கட்டம் மனிதவள மேலாளர்.

கண்ணாடியைக் கழற்றினார். “என் வேலைதானே? மனிதவளம்.”

“குழாய் உடைஞ்சவருக்குப் புரியணும் சார்.”

யோசித்தார். என்னைவிட நேர்மையாகவே யோசித்தார் என்று சொல்ல வேண்டும். “ஆள் எடுக்கறது. விடுப்பு. ஒப்பந்தம் புதுப்பிக்கறது.”

எழுதினேன். ‘ஒப்பந்தம் புதுப்பிப்பவர்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினேன்.

“என்ன நிறுத்திட்டீங்க?”

“செய்யாத வேலையைப் பலகையில போடக் கூடாதுல்ல சார்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, மேலே என் பெயரை எழுதினார்.

“எத்தனை மாசம் போடட்டும்?”

“இன்னும் பதிமூணு பேர் கிட்ட கேட்கணும். ஜாயிண்ட் வேற யோசிச்சுக்கிட்டு இருக்கார்.”

“அப்போ ரெண்டு வருஷம்” என்று கையெழுத்துப் போட்டார்.