பதினொன்றரை சதவீதம்

எங்கள் பஸ் கம்பெனி புதுப் பஸ்கள் வாங்கப் பத்துக் கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. பத்தாவது வருடக் கடைசியில் அசல் மொத்தத்தையும் ஒரே நாளில் திருப்பித் தர வேண்டும். அதற்காக வருடக் கடைசிதோறும் ஒரே தொகையை வங்கியில் போட்டு, வட்டியோடு வளர்க்கும் நிதிதான் மீட்பு நிதி. அந்தக் கணக்கைப் போட்டு, கையெழுத்திட்டு, பத்திரதாரர்களின் நலனைக் காக்கும் டிரஸ்டிக்கு அனுப்புவது என் வேலை.

வங்கி தருவது ஆறு சதவீதம். அதன்படி வருடம் எழுபத்தாறு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டிருக்க வேண்டும். எங்கள் மேனேஜருக்கு ஆபீசில் வழுக்கல் என்று பெயர். வட்டி ஏறும், பத்து சதவீதம் என்று போடு என்றார். அறுபத்திரண்டே முக்கால் லட்சம் போதும் என்று வந்தது. மிச்சம் லாபமாகி, இயக்குநர்களின் போனஸாகிப் போனது. நானும் வாயை மூடிக்கொண்டு ஐந்து வருடம் கையெழுத்துப் போட்டேன்.

வட்டி ஏறவில்லை. நிதியில் இருப்பது மூன்றரைக் கோடி சொச்சம். இனி வருடம் தொண்ணூற்று மூன்றரை லட்சம் போட்டால்தான் பத்துக் கோடி சேரும் என்று தாளை நீட்டினேன். அவர் பல்குத்தியபடியே பார்த்தார்.

"பதினொன்றரைன்னு போடும்மா. தொகையை மாத்தவே வேணாம், கணக்கு கச்சிதமா உக்காரும்."

"எந்த பேங்க் சார் குடுக்குது?"

"இவ்வளவு நாள் கையெழுத்துப் போட்டப்ப கேட்டியா?"

தாளை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவர் மேல் மட்டுமல்ல, என் மேலும் அருவருப்பு.

கணக்குத் தாளோடு பத்திரதாரர் பட்டியலும் போக வேண்டும். பதிவேட்டைப் புரட்டினேன். போன மாதம் வழுக்கலின் மனைவி தன் பத்திரங்கள் அத்தனையையும் விற்றிருந்தார். வாங்கியவர் பெயரை இரண்டு முறை படித்தேன். என் அப்பா. இதே கம்பெனியில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

போன் செய்தேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டுவிட்டாராம். எனக்குத் திடீரென்று சொல்லி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வைத்திருந்தாராம்.

"பத்திரத்துக்கு அம்பது ரூபா கொறைச்சுக் குடுத்தாரும்மா. உங்க மேனேஜர் தங்கமான மனுஷன். வருஷா வருஷம் கணக்குல கையெழுத்துப் போடுறதே உங்க பொண்ணுதான், அப்புறம் என்ன பயம்னு கேட்டாரு."

போனை வைத்தேன். உண்மையை அனுப்பினால் நாளைக்கே அப்பாவின் பத்திரம் பாதி விலைக்குக்கூடப் போகாது. பொய்யை அனுப்பினால் அந்தப் பத்திரத்தை வேறு யாருடைய அப்பா தலையிலாவது கட்டிவிடலாம். அந்த நினைப்பு ஒரு நிமிடம் எனக்குள் நின்றதே, அதுதான் எல்லாவற்றையும் விட அருவருப்பு.

வட்டி ஆறு என்று எழுதினேன். தொகை தொண்ணூற்று மூன்றரை லட்சம். முந்தைய ஐந்து தாள்களும் தவறு, தெரிந்தே கையெழுத்திட்டேன் என்று கீழே சேர்த்து டிரஸ்டிக்கு அனுப்பினேன். பிறகு அப்பாவிடம் சொல்ல வீட்டுக்குக் கிளம்பினேன்.