எட்டு மணிக் கணக்கு

நெல்லித்தோப்பு ரீசார்ஜ் கடையைச் சிந்தியாவும் ஜெயமும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். பத்து ரூபாய் டாப்அப்புக்கு ஜனம் வரிசையில் நின்ற காலம் அது. அன்றைய கமிஷன் அன்றே டீக்கும் பஜ்ஜிக்கும் போய்விடும்.

ஏஜென்ட் கணக்கு ஜெயத்தின் நம்பரில் பதிவாகியிருந்தது. அவள் கல்யாணமாகித் தவளக்குப்பம் போன பிறகும் முந்தின நாள் கணக்கு மெசேஜாக அவளுக்கே போனது. தினமும் காலை எட்டு மணிக்கு அவள் போனில் வாசிப்பாள், சிந்தியா நோட்டில் எழுதுவாள்.

ரீசார்ஜ் கம்பெனியின் ஆப் வந்து இரண்டு வருஷமாகிறது. அந்தக் கணக்கு முழுக்க அதிலேயே தெரியும். சிந்தியா இதை ஜெயத்திடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் இந்த எட்டு மணிப் போன் நின்றுபோகும்.

இன்று ஐந்தாம் தேதி. கடை திறந்து ஆப்பைப் பார்த்தவள் கண்ணில் ஓர் அறிவிப்பு பட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து கணக்கு மெசேஜ் யாருக்கும் போகாதாம். ஆப்பில்தான் பார்க்க வேண்டுமாம்.

சிந்தியாவுக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் இந்த நாலு நாளும் ஜெயம் எதைப் பார்த்து வாசித்தாள்? ஒரு பைசாகூடப் பிசகவில்லையே.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"எழுதுடி. ஆரம்ப பேலன்ஸ் ஆயிரத்து எண்ணூத்தி அறுவது. லோடு போட்டது ஆயிரம். ரீசார்ஜும் பில்லும் ரெண்டாயிரத்து இருநூத்தி தொண்ணூறு. கமிஷன் நாப்பத்தொண்ணு முப்பது. மீதி அறுநூத்திப் பதினொண்ணு முப்பது."

ஆப்பிலும் அதேதான் இருந்தது.

"மெசேஜ்ல அப்படியா போட்டிருக்கு?"

ஜெயம் கொஞ்சம் தயங்கினாள். "ஆமா. மெசேஜ்லதான்."

சிந்தியா ஆப்பை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"என்னா அவசரம் உனக்கு? மொதல்லேர்ந்து மெதுவா சொல்லு. இன்னும் எழுதவே ஆரம்பிக்கல."